கழுத்துப் படம் வெறுமையாக வந்தபோது

கழுத்தில் கட்டி இருக்கிறது என்று எனக்கு முதலில் சொன்னவர் டாக்டர் இல்லை; தாராவியில் எனக்குச் சவரம் செய்கிறவர். கத்தியைத் தாடைக்குக் கீழே கொண்டுவந்தவர் கையை நிறுத்தி, "எச்சி முழுங்கும்" என்றார். முழுங்கினேன். "இன்னொரு தடவ." முழுங்கினேன். கண்ணாடியில் வலது பக்கம் நெல்லிக்காய் அளவில் ஒன்று ஏறி இறங்கியது. எத்தனை நாளாக அது அங்கே இருந்தது என்று தெரியாது. என் முகத்தை நான் அவ்வளவாகப் பார்ப்பதில்லை. பார்த்துச் சொல்லவும் ஆள் கிடையாது.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. பதினைந்து வயதில் ஊரைவிட்டு வந்தவன். சூரத்தில் சாயப்பட்டறை, ஹூப்ளியில் லாரி கிளீனர், கோவாவில் ஓட்டல், பிறகு பழைய கப்பல் உடைக்கிற இடம். ஒரு இடத்தில் இரண்டு வருஷம் தாண்டினால் காலில் ஏதோ ஊரும், கிளம்பிவிடுவேன். பம்பாய்க்கு வந்தது இது மூன்றாம் தடவை. இந்தத் தடவை தாராவியில் பழைய பிளாஸ்டிக்கை அரைக்கிற ஒரு காலாவில் வேலை. பட்டறையை இங்கே காலா என்பார்கள். எட்டுப் பேர் வேலை, எட்டுப் பேருக்கும் ஒரே அறை. மெஷினில் என் ஜோடி சாத்தான்குளம் பக்கத்துக்காரன். என்னைவிட இரண்டு வயது சின்னவன், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவன், மற்ற ஆறு நாளும் வாய் ஓயாதவன்.

அதற்கு முன்பே உடம்பு ஒரு மாதிரிதான் இருந்தது. இரண்டு தட்டுச் சோறு தின்றும் இடுப்பில் பேண்ட் நிற்கவில்லை. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு ஓடிவந்தவனுக்கு அடிப்பதுபோல் அடித்தது. கை நடுங்கி, கலர் பிரிக்கும்போது பச்சையும் நீலமும் தவறிப்போயின. டீயைக் குறைத்துப் பார்த்தேன். குறையவில்லை.

செம்பூரில் ஒரு ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். தைராய்டு தேவைக்கு மேல் வேலை செய்கிறது என்றார் டாக்டர். மராட்டிக்காரர், என்னிடம் இந்தியில் பேசினார். சோனோகிராபியில், அல்ட்ராசவுண்டுக்கு இங்கே அதுதான் பெயர், வலது பக்கம் ஒரே ஒரு கட்டி. "எல்லா ஆட்டத்தையும் இந்தக் கட்டிதான் ஆடுதா, இல்ல சுரப்பி மொத்தமும் ஆடுதான்னு தெரியணும். அதுக்கு அயோடின் ஸ்கேன்" என்று எழுதிக்கொடுத்தார்.

ஸ்கேன் எடுக்கிற இடம் அதே ஆஸ்பத்திரியில் கீழ்த்தளத்தில், தடித்த கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தது. தேதி வாங்கப் போனபோது அங்கே இருந்த டெக்னீஷியன் அம்மா என் பெயரைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினார். மாட்டுங்காவில் பிறந்தவர், இப்போது திலக் நகரில் இருக்கிறார். தமிழ் பேசுவார், படிக்க வராதாம்.

"பயப்படாதேங்கோ. தைராய்டுக்குத் தீனி அயோடின். கொஞ்சூண்டு கதிர் உள்ள அயோடினை மாத்திரையா முழுங்கிடுவேள். எவ்வளவு இழுத்துக்கறதுன்னு மெஷின்ல எண்ணுவோம். மறுநாள் வரச் சொல்லி மறுபடியும் எண்ணி, படம் எடுப்போம். அவ்வளவுதான்."

"கட்டி என்ன ஆகும் மேடம்?"

"கட்டி நன்னா இழுத்துண்டா படத்துல பளிச்சுன்னு வரும். அதை ஹாட்டுன்னு சொல்லுவோம். இழுக்கலேன்னா அந்த இடம் ஓட்டையா தெரியும். அது கோல்ட்."

"குளிர்ச்சி நல்லதுதானே?" என்றேன். உடம்புச் சூடு ஆகாது என்றே கேட்டு வளர்ந்தவன் நான்.

அவர் சிரித்தார். "இங்க தலைகீழ். ஹாட்டா இருந்தா கேன்சரா இருக்கறது ரொம்ப ரொம்ப அபூர்வம். கோல்டுலயும் முக்காவாசி சாதாரணக் கட்டிதான். ஆனா கேன்சர் இருந்தா அது அனேகமா கோல்டுலதான் இருக்கும். அதனால ஊசி குத்தி எடுத்துப் பாத்துடுவா."

நான் மனதில் எடுத்துவைத்துக்கொண்டது அந்தப் பேச்சில் கடைசிப் பாதியை மட்டும்.

படிவத்தில் 'உடன் வருபவர்' என்று ஒரு கட்டம் இருந்தது. யாரும் இல்லை என்றேன். "போன் நம்பராவது குடுங்கோ, இன்னொருத்தரோடது." சாத்தான்குளத்தான் நம்பரைக் கொடுத்தேன். "உறவு?" என்றார். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டார்.

பிறகு இந்தியில் அச்சடித்த ஒரு தாளைக் கொடுத்தார். வீட்டில் யாரையாவது முழுசாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள் என்றார். எனக்கு இந்தி பேசவரும், எழுத்து வராது. அறையில் இந்தி வாசிக்கத் தெரிந்தவன் சாத்தான்குளத்தான்தான். அவன் படுத்துக்கொண்டே வாசித்தான்.

"ரெண்டு வாரத்துக்குப் பாக்கெட் உப்பு கூடாதாம்வே. அதுல அயோடின் கலந்திருக்காம். மீன் கூடாது, கருவாடு கூடாது. முட்டை, பால் குறைக்கணும். கடைச்சாப்பாடு கூடாது. அப்போ நீரு என்னத்தத்தான்வே தின்னுவீரு?"

"ஏன் இதெல்லாம்?"

"சுரப்பிக்கு வயிறு நிறைஞ்சிருந்தா, இவங்க குடுக்கிறத அது தொடாதாம். பட்டினி போட்டுக் கூட்டிட்டு வரச் சொல்லுதாங்க." தாளை மடித்து என் மேல் போட்டான். "அந்த மாத்திரைய முழுங்கினா கரண்ட் போனப்போ நீரு மின்னுவீராவே? மெழுகுவத்திச் செலவு மிச்சம்."

அறையில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்த இரண்டு வாரமும் நான் தனியாகச் சமைத்தேன். கடையில் இந்துப்பு வாங்கி, ஒரு சின்னச் சட்டியில் எனக்கு மட்டும் சோறும் பருப்பும். அவர்கள் ஏழு பேரும் மெஸ்ஸில் போய் நெத்திலிக் குழம்பு தின்றுவிட்டு, கையை மோந்துகொண்டே வருவார்கள். சாப்பாடு நேரம்தான் எங்களுக்குப் பேச்சு நேரம். மெஷின் ஓடும்போது யார் பேசினாலும் கேட்காது. அந்தப் பேச்சு எனக்கு இல்லாமல் போனது. ஊர் ஊராகத் தனியாகத் திரிந்தவன், ஒரு சட்டிச் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து இதை ஒரு குறையாக நினைப்பேன் என்று எதிர்பார்க்கவில்லை.

எங்கள் காலாவில் ஒரு வழக்கம் உண்டு. கொரோனா சமயத்தில் முதலாளி ஆரம்பித்துவைத்தது, பிறகு நிற்கவே இல்லை. சாயங்காலம் மெஷினை நிறுத்தியதும் எட்டுப் பேரும் வாசலில் தண்ணீர் டிரம் பக்கத்தில் வரிசையாக நிற்போம். மருந்துக்கடையில் வாங்கின பழுப்பு மருந்தைத் தண்ணீரில் கலந்து, தலையைப் பின்னால் சாய்த்து, தொண்டையில் வைத்துக் கொப்புளிப்போம். பிளாஸ்டிக் தூசி நாள் முழுக்கத் தொண்டையில் படிகிறதே. தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். எட்டுத் தொண்டைகள் ஒரே நேரத்தில் களகளவென்று ஓடும். சாத்தான்குளத்தான் அதிலேயே ராகம் போடுவான். கட்டி இருப்பது தெரிந்தது முதல் நான் தினமும் இரண்டு தடவை கொப்புளித்தேன். கோளாறு தொண்டைப் பக்கம்தானே.

மாத்திரை முழுங்கிய நாள் காலை ஒன்பது மணி. பெரிதாக ஒன்றும் இல்லை. டெக்னீஷியன் அம்மா ஒரு தடித்த ஈய டப்பாவைத் திறந்து கொடுத்தார், தண்ணீரோடு முழுங்கினேன். முழுங்கும் முன்பே அந்த மாத்திரையை கழுத்து மாதிரி ஒரு பொம்மைக்குள் வைத்து எண்ணிக்கொண்டார்கள். பிறகு என் கழுத்தை எண்ணும்போது அதோடு ஒப்பிடுவார்களாம். ஒரு மணிக்குத் திரும்பி வரச் சொன்னார்கள்.

நடுவில் நான்கு மணி நேரம். எனக்குச் சும்மா உட்காரத் தெரியாது. மாட்டுங்காவுக்குப் போனேன். மார்க்கெட்டில் பூ கட்டுகிறவர்களைத் தாண்டி ஒரு ஓட்டல் வாசலில் நின்றேன். உள்ளே சாம்பார் வாசனை. குடும்பம் குடும்பமாக இட்லி தின்றுகொண்டிருந்தார்கள். படம் எடுத்து முடியும்வரை வெளி உப்பு ஆகாது. எதிர்த்த நடைபாதையில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்து, என் சோற்றைத் தின்றேன்.

ஒரு மணிக்கு என்னை நாற்காலியில் உட்காரவைத்து, குழாய் மாதிரி ஒன்றைக் கழுத்துக்கு நேரே வைத்தார்கள். பிறகு அதையே தொடைக்கு நேரே. ரத்தத்தில் ஓடுகிற அயோடினும் கழுத்துக் கணக்கில் சேர்ந்துவிடுமாம். தொடைக் கணக்கைக் கழித்தால் சுரப்பி பிடித்தது மட்டும் மிஞ்சும். டெக்னீஷியன் அம்மா திரையைப் பார்த்தார். கழுத்தையும் தொடையையும் இன்னொரு தடவை எண்ணினார். "நாளைக்கு வாங்கோ" என்றார்.

மறுநாள் முதலில் எண்ணினார்கள். பிறகு மேஜையில் படுக்கவைத்து, தோளுக்குக் கீழே தலையணை கொடுத்து, கழுத்தை நீட்டச் சொன்னார்கள். கேமரா முகத்துக்கு மேலே பெரிய அண்டா மூடி மாதிரி இறங்கியது. கால் மணி நேரம் அசையக்கூடாது. முடிந்ததும், அந்த அம்மா கட்டியைத் தொட்டுப் பார்த்து அதன்மேல் ஒரு புள்ளி அடையாளம் வைத்து இன்னொரு படம் எடுத்தார்.

எழுந்து சட்டையைப் போடும்போது திரை தெரிந்தது. சுவரில் மாட்டியிருந்த மாதிரிப் படத்தில் சுரப்பி பட்டாம்பூச்சி மாதிரி இருந்தது. என் படத்தில் பட்டாம்பூச்சியும் இல்லை, ஒன்றும் இல்லை. மழை தூறி நின்ற சிமெண்டுத் தரை மாதிரி அங்கங்கே சில புள்ளிகள். அடையாளம் வைத்த இடத்தில் அந்த அடையாளம் மட்டும். கட்டி இருக்கிற இடம் வெறுமை.

"டாக்டரைக் கூப்பிடறேன், வெளியில உக்காருங்கோ" என்றார் அவர்.

நான் உட்காரவில்லை. இழுக்கவில்லை என்றால் கோல்ட். கோல்ட் என்றால் என்ன என்று அவரே சொல்லியிருக்கிறார். கதவைத் தள்ளிக்கொண்டு ரோட்டுக்கு வந்து, எந்தப் பஸ் என்று பார்க்காமல் ஏறி, கொஞ்ச தூரத்தில் இறங்கி, மோனோ ரயிலில் ஏறினேன். வடாலா வந்தது. இறங்கவில்லை. கடைசிவரை போய், அதே ரயிலில் திரும்பி வந்தேன். கண்ணாடிக்குக் கீழே குடிசைத் தகரங்களும், உப்பளமும், எண்ணெய்த் தொட்டிகளும் போயின. ரத்னகிரியா, மங்களூரா, எந்த வண்டி எத்தனை மணிக்கு என்று மனது தானாகக் கணக்குப் போட்டது. புற்றுநோயோடு எந்த ஊருக்குப் போனாலும் அது கூடவே வரும் என்பது தெரியாமல் இல்லை. கால் அதைக் கேட்காது.

நான் செத்தால் எந்த ஊருக்குத் தகவல் சொல்வார்கள் என்று யோசித்தேன். அழுகை வரவில்லை. நெஞ்சு மட்டும் வழக்கம்போல் அடித்துக்கொண்டிருந்தது.

வடாலாவில் இரண்டாம் தடவை வண்டி நிற்கும்போது போன் அடித்தது. சாத்தான்குளத்தான்.

"எங்கவே போனீரு? ஆஸ்பத்திரியிலருந்து ஒரு அக்கா கூப்பிட்டுச்சு. உம்ம ஆளு ஓடிட்டாருன்னு சொல்லுது. ஓடுறதுதான் அவருக்குத் தொழில்னேன்."

"ஏலே, படத்துல ஒண்ணுமே இல்லலே. கட்டி கெட்டுப்போச்சு."

"நீரு டாக்டராக்கும்? கேளும். அந்த அக்கா ஒரு கேள்வி கேட்டுச்சு. உம்ம சட்டைக் காலர்ல பழுப்பா ஒரு கறை இருக்காமே, அது என்னன்னு. நான் சொன்னேன், அது கொப்புளிக்கிற மருந்துக் கறை, எல்லார் சட்டையிலயும் உண்டுன்னு. அப்புறம், 'அடக் கடவுளே, அது முழுக்க அயோடினாச்சே'ங்குது."

"நான் முழுங்கலயே. துப்பினேனே."

"நானும் அதத்தான் சொன்னேன். வாய்த்தோலே குடிச்சிருமாம்வே. அதுவும் நீரு தெனமும் ரெண்டு தடவ." குரல் இறங்கியது. "அந்தத் தாள எடுத்துப் பாத்தேன். பின்பக்கமும் அச்சடிச்சிருக்கு. கொப்புளிக்கிற மருந்து, புண்ணுக்குப் போடுற பழுப்புக் களிம்பு, டை போட்டு எடுக்கிற சிட்டி ஸ்கேன், எல்லாம் அங்கதான் இருக்கு. நான் திருப்பலவே."

நானும் திருப்பவில்லை. இந்தி வாசிக்கத் தெரியாதவனுக்குத் தாளுக்குப் பின்பக்கம் உண்டென்றாவது தோன்றியிருக்கலாம்.

அன்று மத்தியானமே திரும்பிப் போனேன். டாக்டர் திட்டவில்லை. கழுத்து வலித்ததா, காய்ச்சல் வந்ததா, உடம்பு இளைக்க ஏதாவது மாத்திரை தின்றாயா என்றெல்லாம் கேட்டார். ஹார்மோன் கூடியிருந்தும் சுரப்பி அயோடினை இழுக்காமல் இருக்க வேறு காரணங்களும் உண்டாம். சுரப்பி வீங்கிப் புண்ணாகி, சேர்த்துவைத்த ஹார்மோனைக் கசியவிட்டாலும் படம் இப்படித்தான் வருமாம். என் விஷயத்தில் அந்தப் பழுப்பு மருந்துதான் என்று அவருக்குச் சந்தேகம். சிறுநீரைச் சோதனைக்கு அனுப்பினார். அதில் அயோடின் ஏகத்துக்கும் இருந்தது என்று பிறகு தெரிந்தது.

"அப்ப கட்டி கோல்ட் இல்லையா?" என்று டெக்னீஷியன் அம்மாவிடம் கேட்டேன்.

"தாராவியில ஒரு வீட்டுல மட்டும் விளக்கு எரியலேன்னா, அந்த வீட்டுல ஏதோ கோளாறுன்னு சொல்லலாம். தெருவுக்கே கரண்ட் போயிட்டா, எந்த வீட்டுல பல்ப் போச்சுன்னு எப்படிச் சொல்றது? சுத்தி இருக்கற இடம் இழுத்து, கட்டி மட்டும் இழுக்கலேன்னாத்தான் கோல்ட். உங்க படத்துல தெருவே இருட்டு. ஹாட்டுன்னும் சொல்ல முடியாது, கோல்டுன்னும் சொல்ல முடியாது."

"அப்ப இன்னும் தெரியாது."

"தெரியாது. அயோடின் இறங்கணும். ஆறு வாரம் கழிச்சு வாங்கோ. ஓடாதேங்கோ."

ஆறு வாரம். நெஞ்சடிப்புக்கு ஒரு மாத்திரை, சுரப்பியை அடக்க ஒரு மாத்திரை. இரண்டாவதை ஸ்கேனுக்கு ஒரு வாரம் முன்னால் நிறுத்த வேண்டும். மறுபடி கடைசி இரண்டு வாரம் இந்துப்பும் சின்னச் சட்டியும். சாயங்காலம் அவர்கள் டிரம் பக்கத்தில் வரிசையாக நிற்கும்போது நான் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றேன். என்னை விட்டுவிட்டுக் கொப்புளிப்பது அவர்களுக்கும் ஒரு மாதிரி இருந்திருக்கும். சத்தம் குறைவாகவே வந்தது. நான் வெந்நீரில் இந்துப்புப் போட்டுத் தனியாகக் கொப்புளித்தேன். ஒரு தொண்டையின் சத்தம் கேட்க நன்றாக இருக்காது. அந்தத் தாளைச் சாத்தான்குளத்தான் இப்போது இரண்டு பக்கமும் மனப்பாடம் செய்து, நான் எதைத் தொட்டாலும் "பின்பக்கம், பின்பக்கம்" என்றான். ரயில் நேரம் பார்ப்பதை நான் விடவில்லை. ஆனால் எந்த வண்டியிலும் ஏறவில்லை. கட்டி என்னவென்று தெரியாமல் கிளம்பினால், தெரியாததையே சுமந்துகொண்டு திரிய வேண்டும்.

இரண்டாம் தடவை டெக்னீஷியன் அம்மா என் காலரைத்தான் முதலில் பார்த்தார். மாத்திரை, ஒரு மணி, கழுத்து, தொடை, மறுநாள், தலையணை, கேமரா. படம் ஓடும்போது கண்ணை மூடிக்கொண்டேன்.

"எழுந்து வந்து பாருங்கோ. இந்தத் தடவை நானே கூப்பிடறேன்."

திரையில் வலது பக்கம் ஒரே ஒரு கறுப்பு வட்டம், மை கொட்டினமாதிரி. இந்தப் படத்தில் கறுப்பு என்றால் அயோடின் நிறைய. அடையாளப் புள்ளி சரியாக அதன்மேல் உட்கார்ந்திருந்தது. ஆனால் இடது பக்கம் வெறுமை. போன தடவை பார்த்த அதே வெறுமை. என் கண் அங்கேயே போய் நின்றது.

"அந்தப் பக்கம்?"

அதற்குள் டாக்டர் வந்துவிட்டார். அவர்தான் சொன்னார். சுரப்பிக்கு மூளையின் அடியிலிருந்து உத்தரவு வர வேண்டும். வந்தால்தான் அது வேலை செய்யும். இந்தக் கட்டி உத்தரவு இல்லாமல் தன் போக்கில் சுரக்கிறது. ரத்தத்தில் ஹார்மோன் போதும் போதும் என்று ஆனதும் மூளை உத்தரவை நிறுத்திவிட்டது. அதனால் மீதிச் சுரப்பிக்கு வேலை இல்லை, தூங்குகிறது. சோனோகிராபியில் அந்தப் பக்கம் கட்டி எதுவும் இல்லை, அதனால் அந்த வெறுமைக்குப் பயப்பட வேண்டாம். "ஹாட் நோட்யூல். கேன்சருக்கு வாய்ப்பு மிகமிகக் குறைவு. ஊசி தேவையில்லை."

"யார் சொல்லும் கேக்காம தனியா ஆடுது" என்று டெக்னீஷியன் அம்மா தமிழில் முடித்துவைத்தார்.

"அப்ப என் ஊர்க்காரன்தான்" என்றேன்.

வைத்தியமும் அதே அயோடின்தான், இன்னும் பெரிய அளவில். கட்டி பசியோடு இருப்பதால் அதுவே எல்லாவற்றையும் தின்று அடங்கும்; தூங்குகிற பக்கம் அனேகமாகத் தப்பித்து, பிறகு விழிக்கும். மருந்து குடித்த பிறகு சில நாள் தனியாகப் படுக்க வேண்டும். குழந்தைகள், கர்ப்பிணிகள் பக்கத்தில் போகக்கூடாது.

"வீட்ல எத்தனை பேர்?" டெக்னீஷியன் அம்மா புதிய படிவத்தை எடுத்தார்.

"ஒரு அறை. எட்டுப் பேர்."

"தனியா படுக்க இடம்?"

"பாக்கணும்."

"உடன் இருப்பவர் பேர், நம்பர் அதேதானே? உறவு?" பேனா நின்றது. இந்தத் தடவை கோடு போடவில்லை, காத்திருந்தார்.

"தம்பி" என்றேன்.

அன்று சாயங்காலம் மெஷினை நிறுத்தும்வரை காத்திருந்து அவனிடம் சொன்னேன். "சூடுதானாம்லே." அவன் வானத்தைப் பார்த்துச் சிலுவை போட்டான். பிறகு, "நல்ல சேதின்னா மூஞ்சி ஏன்வே இப்படி இருக்கு?" என்றான். அத்தனை வாரம் அந்தப் பயம்தான் கூடவே இருந்தது. அது இறங்கிப் போனபின் பக்கத்து இடம் காலியாக இருந்தது.

மருந்து குடித்த பிறகு காலாவின் மேலே, சாக்குகள் அடுக்குகிற பரணில் இடம் போட்டுக்கொடுத்தார்கள். வேலைக்குப் போகாமல் பகலெல்லாம் படுத்திருந்தேன். சாத்தான்குளத்தான் ஏணியில் பாதி ஏறி, சோற்றுத் தட்டை மேல்படியில் வைத்துவிட்டு, "மின்னுதீராவே?" என்று கேட்டுவிட்டு இறங்குவான். ரயில் நேரம் எனக்கு ஞாபகத்தில் இருந்தது. எழுந்திருக்கத் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் மெஷின் நின்றது. கீழே டிரம் மூடியைத் தூக்கும் சத்தம். பிறகு களகளவென்று ஆரம்பித்தது. அவன் ராகத்தை இழுத்தான், மற்றவர்கள் பின்னாலேயே போனார்கள். நான் பரணில் படுத்தபடி எண்ணினேன். ஏழு.

கையெட்டும் தூரத்தில் பாட்டிலில் தண்ணீர் இருந்தது. ஒரு வாய் எடுத்து, தலையைப் பின்னால் சாய்த்தேன்.